‘எங்கள் குழு’ பக்கத்தில் கொக்கி

பூட்டுத் திறக்க வருகிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. வெளியே மாட்டிக்கொண்டு நிற்பவர்களின் கண் முழுவதும் அவன் கையில்தான் இருக்கும். கதவு திறந்த அடுத்த நொடி, அடுப்பை அணைக்கவோ கழிவறைக்கோ ஓடிவிடுவார்கள். கொக்கி இருபது வருடத்துக்கும் மேலாக அப்படித்தான் ஊருக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்தவர். நெட்டையான உடம்பு, குனிந்து குனிந்தே வளைந்துபோன கழுத்து. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவர் வேலை பார்த்தது ஒரு சின்ன நிறுவனத்தில். ஒரு முதலாளி, பூட்டுக்காரர்கள் நான்கு பேர், அழைப்புகளை எடுக்கும் ஃபோன் அக்கா ஒருத்தர். இவர்கள் போக, ‘வியூக இயக்குநர்’ என்ற பதவியில் முதலாளியின் மச்சான். அவர் என்ன வியூகம் வகுக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கைபேசியில் சதுரங்கம் ஆடுவார்; அதிலும் தோற்பார்.

நிறுவனத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. அதில் ‘எங்கள் குழு’ என்று ஒரு பக்கம். அதில் நான்கு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான்கு பேருக்கும் பல் விளம்பரத்துக்குப் போகிற பற்கள். ஒருவன் கையில் ஒரு பெரிய ஸ்பானர். ஸ்பானரால் எந்தப் பூட்டைத் திறப்பது என்று கொக்கி ஒருமுறை கேட்டதற்கு, “படத்துல நல்லா இருக்குல்ல, விடு” என்றார் முதலாளி. யாரோ எங்கேயோ எடுத்து விற்கிற படங்கள் அவை. பெயர் கிடையாது. ‘மூத்த வல்லுநர்’, ‘முதுநிலை வல்லுநர்’ என்று மட்டும் போட்டிருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று போட்டவருக்கே தெரியாது.

கொஞ்ச நாள் இது யாரையும் உறுத்தவில்லை. பிறகு மக்கள் வீட்டுக்கு ஆள் வருவதற்கு முன்னால் கைபேசியில் தேடிப் பார்க்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். கொக்கி போய் நின்றால் அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு திரையைப் பார்ப்பார்கள். மறுபடியும் அவரைப் பார்ப்பார்கள்.

“படத்துல இருக்கறவரு எங்க?”

முதலில் அவர் “அவரு லீவுல இருக்காருங்க” என்று சமாளித்தார். ஒருநாள் ஒரு பெரியவர் விடவில்லை. “அப்ப இந்த நாலு பேருல நீங்க யாரு?” என்றார். கொக்கிக்குச் சட்டென்று வாயில் வந்தது: “அவங்க எல்லாரும் லீவுங்க.” பெரியவர் வேறு கம்பெனிக்கு ஃபோன் செய்துவிட்டார். கொக்கி தோள்பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

இப்படி நான்கைந்து வேலை கைநழுவிய பிறகுதான் முதலாளிக்கு உறைத்தது. பக்கத்துத் தெரு போட்டிக் கம்பெனி தங்கள் ஆட்களின் உண்மையான படத்தைப் போட்டு, ஒவ்வொருவருக்கும் மூன்று வரி எழுதியிருந்தது. “அவன் மூணு வரி போட்டா நாம முப்பது வரி போடணும்” என்றார் முதலாளி. மச்சான் தலையாட்டினார். அந்த வருடத்தில் அவர் செய்த ஒரே வியூகப் பணி அதுதான்.

இணையதளங்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். எல்லோரும் அவளை எழுத்துக்காரி என்றார்கள். சுறுசுறுப்பான பெண், கெட்டெண்ணம் துளியும் இல்லாதவள். அதுதான் வினையாகப் போனது. மடிக்கணினியைத் திறந்துவைத்து, கொக்கிக்கு எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“அண்ணே, உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

கொக்கி பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையாவது கேட்கிறாளா என்று.

“உங்களைத்தாண்ணே. நீங்க யாரு, எப்படிப்பட்டவரு, வீட்டுல யார் யாரு, எல்லாம். கதை மாதிரி வேணும். அப்பதான் படிக்கறவங்களுக்கு நம்ம வீட்டு மனுஷன்னு ஒரு நெருக்கம் வரும்.”

பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன அன்றுகூட “என்ன வேலை, எவ்வளவு சம்பளம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். முதலில் “சொல்றதுக்கு என்னம்மா இருக்கு” என்றார். பிறகு கொஞ்சம் சொன்னார். அவள் “அப்புறம்?” என்றாள். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியதுபோல் கொட்டினார்.

சிறுவயதில் பள்ளிக்கூடப் பூட்டைத் திறந்து அடி வாங்கியதைச் சொன்னார். பித்தப்பையில் கல் எடுத்ததையும், அந்தக் கல்லை இன்னும் ஒரு சின்ன டப்பியில் வைத்திருப்பதையும் சொன்னார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்வதையும், வீட்டில் எல்லா முடிவும் அவள்தான் எடுப்பதால் அவளை ‘மந்திரி’ என்று கூப்பிடுவதையும் சொன்னார். மகள் நர்ஸிங் இரண்டாம் வருடம், எந்தக் கல்லூரி, எந்தப் பேருந்து. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பச்சைக் கதவு வீடு. சின்ன வேலைக்குத் தோள்பை போதும், கார் கதவுக்கும் இரும்புப் பெட்டகத்துக்கும் வேண்டிய பெரிய பெட்டி வீட்டு முன்னறையில் இருக்கும். ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தினமும் மறந்துவிட்டுக் கிளம்புவார். வேலையில் இறங்கிவிட்டால் இடியே விழுந்தாலும் கைபேசியை எடுக்கமாட்டார்.

“சூப்பர்ணே. அந்தக் கடைசி வரி பிரமாதம். எவ்வளவு ஈடுபாடுன்னு காட்டுது” என்றாள் எழுத்துக்காரி. கைபேசியை எடுக்காததற்கு உண்மைக் காரணம், எடுத்தால் மந்திரி ஏதாவது வாங்கிவரச் சொல்வாள் என்பதுதான். அதை மட்டும் கொக்கி சொல்லாமல் மறைத்தார். அவர் வாழ்க்கையில் பக்கத்துக்கு வராமல் தப்பித்த ஒரே தகவல் அது.

புகைப்படத்துக்கு வீட்டு வாசலிலேயே நின்றார். பச்சைக் கதவு பின்னணியில், பெரிய பெட்டியைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, கம்பெனி நீலச் சட்டையில்.

பக்கம் வெளியானதும் கொக்கி ஆளே மாறிப்போனார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒருமுறை, தேய்த்த பிறகு ஒருமுறை திறந்து பார்த்தார். சம்பந்தமே இல்லாத உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். மகள் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். “அப்பா, என் காலேஜ் பேரு, பஸ் நம்பர் எல்லாம் எதுக்குப்பா இதுல?”

“உன்னைப் பத்திப் பெருமையாதானேம்மா போட்டிருக்கு.”

“பெருமைப்பட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல யாராவது வந்து நிக்கப்போறாங்க. எடுக்கச் சொல்லுங்க.”

“சொல்றேன், சொல்றேன்” என்றார். சொல்லவில்லை. எடுத்தால் அந்தப் பத்தி மொட்டையாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. நடுவில், வாடிக்கையாளர்கள் நிஜமாகவே அவரிடம் பேச ஆரம்பித்திருந்தார்கள். கதவு திறந்ததும் ஓடாமல் நின்று, “கல்லு எவ்வளவு பெருசு?” என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியை அவரால் மறக்க முடியவில்லை.

மற்றவர்களின் பக்கங்களும் சளைத்தவை அல்ல. முதலாளியுடையது, மூன்று வயதில் தொட்டில் கொக்கியைத் தானே கழற்றியதில் தொடங்கி அவருடைய லட்சியம் வரை ஓடியது. படிப்பவருக்குக் கட்டைவிரல் வலிக்கும். மச்சான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடற்கரையில் நின்றார். ‘தொலைநோக்குப் பார்வை கொண்டவர்’ என்று கீழே எழுதியிருந்தது. ஃபோன் அக்கா மட்டும் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். “என் குரல் கேட்டா போதும், ஜாதகம் எதுக்கு?” என்றார். அவருக்குக் குழு மனப்பான்மை போதாது என்று மச்சான் வருத்தப்பட்டார்.

அடுத்த மாதத்தில் ஒரு வேலைநாள். கொக்கி ஓர் அலுவலகத்தில் பழைய அலமாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வேலை முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, மந்திரி தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள்:

“என்ன, பெரிய பெட்டி வந்து சேர்ந்துச்சா? மாத்திரை போட்டீங்களா?”

“எந்தப் பெட்டி?”

மெஷின் நின்றது.

“நீங்க அனுப்பின ஆளு வந்து வாங்கிட்டுப் போனாரே.”

“நான் யாரையும் அனுப்பலையே.”

அவள் எழுந்து முன்னறைக்கு வந்தாள். பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாகச் சுத்தமாக இருந்தது. கொக்கி குனிந்து அந்தச் சதுரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். நீலச் சட்டை போட்ட ஓர் ஆள், பார்த்தால் நல்ல மாதிரியானவன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறான். “மந்திரி அக்காதானே?” என்று கேட்டிருக்கிறான். வெளியாள் வாயில் அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் சந்தேகம் போய்விடும். அண்ணன் ஒரு பெட்டகத்தோடு மாட்டிக்கொண்டிருக்கிறார், பெரிய பெட்டியைக் கேட்டனுப்பினார் என்றான். பாப்பா நர்ஸிங் போயாச்சா என்று விசாரித்தான். “அண்ணன் இன்னைக்கும் மாத்திரையை மறந்துட்டாராம், அதையும் வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்றான்.

“அந்த மாத்திரையைச் சொன்னதும் நான் எப்படிங்க சந்தேகப்படுவேன்?” என்றாள் மந்திரி. “அப்பவும் உங்களுக்கு ரெண்டு தடவை ஃபோன் போட்டேன். எடுக்கல. அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘இடியே விழுந்தாலும் அண்ணன் ஃபோன் எடுக்க மாட்டாருக்கா, தொழில்ல அவ்வளவு ஈடுபாடு’ன்னு உங்களைப் பத்தி என்கிட்டயே பெருமையா பேசறான். குடிக்கத் தண்ணி வேற குடுத்தேன்.”

கொக்கி மெல்ல கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். மந்திரி அதை முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். இதுவரை “உன்னைப் பத்தி நல்லாதான் எழுதியிருக்கு” என்று வாயால் சொல்லியே ஒப்பேற்றியிருந்தார். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். படித்து முடித்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“நம்ம கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குக்கூட இவ்வளவு தெரியாதே!”

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி பொறுமைசாலி. “உங்க வீட்டு விஷயம் எல்லாம் யார் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

“யாருக்கும் தெரியாது சார்” என்றார் கொக்கி.

மந்திரி கைபேசியை மேசைமேல் வைத்தாள். அதிகாரி படிக்கத் தொடங்கினார். விரல் திரையைத் தள்ளியது, தள்ளிக்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் புருவத்தை உயர்த்தி, “கல்லை டப்பியில வெச்சிருக்கீங்களா?” என்றார்.

“ஆமா சார்.”

“அதைத் திருடலையே?”

“இல்ல சார்.”

“நல்லவேளை.” அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். “குற்றவாளிங்க எங்ககிட்ட குடுக்கற வாக்குமூலம்கூட இவ்வளவு விவரமா இருக்காதுங்க. வீடு எங்க, பெட்டி எங்க, ஆள் எப்ப ஃபோன் எடுக்கமாட்டாரு, என்ன பேசினா வீட்டம்மா நம்புவாங்க, எல்லாம் இருக்கு. வாசல் படம்கூட இருக்கு. அவன் வழி விசாரிக்க வேண்டிய வேலைகூட இல்ல.” பிறகு குரலை மாற்றிக்கொண்டார். “அந்தப் பெட்டியில வாடிக்கையாளர் சாவி ஏதாவது உண்டா?”

இல்லை. அது கம்பெனியில் கறாரான விதி. யாருடைய சாவியும் வீட்டுக்குப் போகாது. ஆனால் பூட்டைத் திறக்கும் வளைகம்பிகள் இருந்தன, கார் கதவுக் கருவிகள் இருந்தன, சாவி வெட்டும் சின்ன மெஷின் இருந்தது. திருட நினைப்பவனுக்கு அது ஒரு பெட்டி நிறைய ஊர்க் கதவுகள். யார் வீட்டிலாவது திருட்டுப் போனது என்று செய்தி வந்தால், திறந்தது தன் கம்பியாக இருக்குமோ என்று கொக்கி தினமும் செய்தித்தாளைப் புரட்டினார்.

முதலாளிக்கு வேறு கவலை. பூட்டுக் கம்பெனி ஆளின் வீட்டிலேயே ஏமாற்றிப் பறித்தார்கள் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். எழுத்துக்காரியைக் கூப்பிட்டுக் கத்தினார். அவள் அழுதாள், அழுதுகொண்டே எல்லாவற்றையும் எடுத்தாள். மச்சானின் யோசனைப்படி இப்போது பக்கத்தில் வெறும் சாம்பல் நிறத் தலைகள் மட்டும் இருந்தன. கண் இல்லை, மூக்கு இல்லை, பெயரும் இல்லை. ‘பணியாளர் ஒன்று’, ‘பணியாளர் இரண்டு’. ‘பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு’ என்று மேலே ஒரு வரி. மூச்சு விட அந்தத் தலைகளுக்கு மூக்கு இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே ஓர் அழைப்பு வந்தது. அடுக்குமாடியில் தனியாக இருக்கும் ஒரு பெண், வங்கியில் வேலை. குப்பை போட வெளியே வந்தபோது காற்றில் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அடுப்பில் பால். கொக்கி ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றார். அவள் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

“ஒரு நிமிஷம். உங்க கம்பெனி பக்கத்தைப் பாத்துட்டேன். இதுல நீங்க யாரு?”

கொக்கி எட்டிப் பார்த்தார். “மூணாவது தலைங்க.”

“நாலும் ஒரே மாதிரி இருக்கே!”

“எனக்குக் கீழ ‘மூன்று’ன்னு போட்டிருக்கு பாருங்க.”

“மூணுன்னா? உங்க நெத்தியில மூணுன்னா எழுதியிருக்கு? சார், தப்பா நினைக்காதீங்க. நான் தனியா இருக்கேன். பூட்டைத் திறக்கத் தெரிஞ்ச ஒரு ஆம்பளையை, யாருன்னே தெரியாம, என் கதவுக்கிட்ட எப்படி விடறது?”

அவளைக் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தன் வீட்டு முன்னறையின் வெறுந்தரை கண்முன்னால் வந்தது. அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். அவள் உஷார்; “வேணாம், நானே போடறேன்” என்று இணையதளத்தில் இருந்த அலுவலக எண்ணைத் தன் கைபேசியிலிருந்து தானே அழைத்தாள். ஃபோன் அக்கா எடுத்தார்.

“ஆளு ஒல்லியா, ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்காராம்மா?”

“ஆமா.”

“கழுத்து முன்னாடி வளைஞ்சிருக்கா?”

“இருக்கு.”

“மீசை ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ?”

அந்தப் பெண் சாய்ந்து பார்த்தாள். “ஆமாங்க.”

“நம்ம ஆளுதான். நான்தான் அனுப்பினேன். விடுங்கம்மா.”

அதற்குள் உள்ளிருந்து தீய்ந்த வாசனை வந்துவிட்டது. கொக்கி மூச்சுவிடும் நேரத்தில் கதவைத் திறந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, கரிப்பிடித்த பாத்திரத்தோடு அவள் வாசலுக்கே திரும்பி வந்தாள்.

“உங்க மூஞ்சியைப் போட்டிருந்தா என் பால் தப்பிச்சிருக்கும்” என்றாள். “முன்னாடி ஒரு தடவை பாத்தேன், யாரோ ஒருத்தரோட பொண்ணு காலேஜ் வரைக்கும் போட்டிருந்தீங்க. அது எனக்கு எதுக்குங்க? உங்க மூஞ்சி, பேரு, என்ன வேலை, எத்தனை வருஷமா செய்யறீங்க, சரிபார்க்க யாருக்கு ஃபோன் பண்ணணும். அவ்வளவுதான். அதுக்கு மேல போனா எனக்கே சங்கடமா இருக்கு, யார் வீட்டு ஜன்னலையோ எட்டிப் பாக்கற மாதிரி.”

அன்று மாலை கொக்கி வீட்டில் இதைச் சொன்னார். பாதியில் நிறுத்தி, “எனக்குத்தான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, யாரோ நம்மளைப் பத்திக் கேக்கறாங்கன்னு” என்றார். மந்திரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். “நான் கேட்டிருக்கலாம்” என்றாள். பிறகு, “ஆனா அந்தக் கல்லைப் பத்தி மட்டும் கேக்கமாட்டேன், அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே கல்லு வந்துடும்” என்றாள்.

பெட்டி அதிர்ஷ்டவசமாகத் திரும்பி வந்தது. நகரத்தின் மறுகோடியில் பூட்டுக்கடை வைத்திருந்தவர், கொக்கியோடு ஒன்றாகத் தொழில் கற்றவர். அவரிடமே ஓர் ஆள் அதை விற்க வந்தான். சைக்கிள் டியூப் சுற்றிய கைப்பிடியோடு இருக்கும் அந்தப் பெட்டி யாருடையது என்று கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். “எல்லாம் எடுத்துப் பாக்கணும், உக்காருங்க” என்று அவனை உட்காரவைத்து, ஒவ்வொரு கம்பியாக வெளியே எடுத்துப் புகழ்ந்துகொண்டே காவலர்களுக்குச் சொல்லியனுப்பினார்; அவன் பெட்டியோடு பிடிபட்டான். எதுவும் குறையவில்லை. மாத்திரை அட்டைகூட அப்படியே இருந்தது. அவனுக்கு ரத்தக்கொதிப்பு இல்லை போலும். அந்தக் கருவிகளை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் காசாக்கப் பார்த்திருக்கிறான். கொக்கி காவல் நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று சொன்னார்.

“பாத்தியா? நம்ம பக்கத்தோட புகழ் எங்க வரைக்கும் போயிருக்கு, கடைக்காரன் பெட்டியைக் கண்டுபிடிச்சுட்டான்” என்றார் முதலாளி. கடைக்காரர் இணையதளம் எதையும் பார்க்கிறவர் இல்லை என்று கொக்கி விளக்கப் போனார். முதலாளி அதற்குள் வேறு ஃபோனில் இருந்தார்.

மறுநாள் மந்திரி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். எழுத்துக்காரியும் வந்திருந்தாள், கண் வீங்கிப்போய். மந்திரி அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, “நீ கேட்டே, இவரு சொன்னாரு. தப்பு பாதிப் பாதி. இப்ப ஒழுங்கா எழுதுவோம்” என்றாள்.

முதலாளி கனைத்தார். “அம்மா, இதெல்லாம் நிர்வாக முடிவு—”

“உங்க நிர்வாகம் என் வாசல்ல வந்து தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருக்கு. நான் பாத்துக்கறேன்.”

அவள் சொன்ன வழி எளிமையானது. பழைய பத்தியை ஒவ்வொரு வரியாகப் படிக்க வேண்டியது. முன்பின் தெரியாதவன் ஒருத்தன் வாசலில் வந்து நின்று இந்த வரியைச் சொன்னால் நான் அவனை நம்பிவிடுவேனா? நம்புவேன் என்றால் அந்த வரி போக வேண்டும். மகள் போனாள், மாத்திரை போனது, தெருமுனை, தையல், மந்திரி எல்லாம் போயின. கல் போகும்போது கொக்கி, “அதுல என்ன ஆபத்து?” என்று கேட்டுப் பார்த்தார்.

“படிக்கறவங்களுக்கு ஆபத்து” என்றாள் மந்திரி.

எழுத்துக்காரி இன்னொரு கேள்வியைச் சேர்த்தாள்: வெளியே மாட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு இந்த வரி உதவுமா? அதில் முதலாளியின் தொட்டில் போனது, லட்சியம் போனது. அடுத்து மச்சானின் பெயர் வந்தது. “இவர் யார் வீட்டுக் கதவுக்காவது போவாரா?” என்று எழுத்துக்காரி மெதுவாகக் கேட்டாள். போகமாட்டார். கறுப்புக் கண்ணாடியோடு அவரும் போனார். வாடிக்கையாளர்கள் யாரும் அவரைக் காணவில்லை என்று புகார் தரவில்லை.

எழுத்துக்காரி இந்த முறை ஒவ்வொருவரிடமும் எழுதியதைக் காட்டி, “இது வெளிய வரலாமா? எப்ப வேணாம்னு தோணினாலும் சொல்லுங்க, எடுத்துடறேன்” என்று கேட்டு ஒப்புதல் வாங்கினாள். பழைய பத்தியைப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் தேடுபொறியில் அதன் நிழல் கொஞ்ச நாள் இருக்கும், அதை நீக்கச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறேன் என்றாள். “ஆனா யாராவது படம் பிடிச்சு வெச்சிருந்தா அதை ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே” என்று ஒளிக்காமல் சொன்னாள். உறவுக்காரர்களுக்குத் தானே அனுப்பிவைத்ததெல்லாம் கொக்கிக்கு ஞாபகம் வந்தது. அன்று இரண்டு மணி நேரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். பாதிப் பேர் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்தது. அதில் நிம்மதி பாதி, வருத்தம் பாதி.

கல்லூரியில் மகளும் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லிவைத்தாள். கொஞ்ச நாள் தோழிகளோடு சேர்ந்து வேறு பேருந்தில் போனாள். அப்பாவிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அவர் மன்னிப்பு கேட்கத் தெரியாமல், அவளுடைய அலமாரிக்குப் புதுப் பூட்டு ஒன்று மாட்டிவைத்து இரண்டு சாவியையும் அவள் மேசையிலேயே வைத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு, “சரி, படத்தை நான் எடுக்கறேன்” என்றாள்.

அலுவலக ஜன்னல் பக்கம் நிற்கவைத்து எடுத்தாள். பின்னால் வெறும் சுவர். நீலச் சட்டை, பெட்டி கிடையாது. அடையாள அட்டையைத் திருப்பிப் போடச் சொன்னாள். எண் தெரியக்கூடாது, அதைப் பார்த்து எவனாவது போலி அட்டை அடிப்பான் என்றாள். கீழே வந்த வரிகள் இவ்வளவுதான்: அவர் பெயர், மூத்த பூட்டுப் பணியாளர், இருபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம், வீட்டுக் கதவு, கார் கதவு, பெட்டகம், பூட்டை உடைக்காமல் திறக்கவே முதலில் முயல்வார். எல்லோருக்கும் பொதுவாக அடியில் ஒரு வரி: எங்கள் ஆள் வருவதற்கு முன் அவர் படம் உங்கள் கைபேசிக்கு வரும், சந்தேகம் என்றால் கதவைத் திறக்க விடாதீர்கள், அலுவலக எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். கடைசி வரியை முதலாளி எதிர்த்தார், “நம்மளையே சந்தேகப்படச் சொல்றதா?” என்று. ஃபோன் அக்கா, “சந்தேகப்படலாம்னு சொல்றவங்களைத்தான் சார் நம்புவாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

வேலைகள் மறுபடி நிறைய வரத் தொடங்கின. மக்கள் திரையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், “வாங்க” என்பார்கள். கொக்கிக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் சப்பென்று இருந்தது. யாரும் எதையும் விசாரிப்பதில்லை, நாற்காலியும் வருவதில்லை. ஆனால் மாலையில் வீட்டுக்குப் போனால் மந்திரி மெஷினை நிறுத்திவிட்டு, “இன்னைக்கு எந்தக் கதவு?” என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். அவர் சொல்வார். வழக்கம்போல் நீட்டித்தான் சொல்வார். அவள் பித்தான் தைத்துக்கொண்டே கேட்பாள். சில சமயம் நிஜமாகவே கேட்பாள்.

இரண்டு வருடம் கழிந்தது. கொக்கிக்குக் கண்ணாடி வந்தது. தலைமுடி சாயத்தை விட்டுவிட்டதால் வெள்ளையும் வந்தது. ஒரு வீட்டில் திரையையும் முகத்தையும் மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஃபோன் அக்காவுக்குத் தகவல் போனது. “புதுப் படம் எடுத்தாகணும்” என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“பழைய படத்துல நல்லா இருக்கேனே” என்று இரண்டு மாதம் கடத்தினார் கொக்கி. கடைசியில் மகளே வேலைக்குப் போகிற வழியில் அலுவலகத்துக்கு வந்து, ஜன்னல் பக்கம் நிறுத்தினாள். அவர் சட்டென்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

“மாட்டுங்கப்பா.”

“அது இல்லாம எடு. கொஞ்சம் எடுப்பா இருக்கும்.”

“கதவைத் திறக்கறப்ப போட்டிருப்பீங்களா, மாட்டீங்களா?”

“போட்டிருப்பேன்.”

“அப்ப அதுதான் உங்க மூஞ்சி. மாட்டுங்க.”

கொக்கி முனகிக்கொண்டே மாட்டினார். கழுத்தை நிமிர்த்த முயன்றார். அது நிமிர மறுத்தது. மீசையைத் தடவிச் சமப்படுத்தினார். மகள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

“சிரிக்கணுமா?” என்று கேட்டார்.

“லேசா.”